பூட்டுவதா, பிரிப்பதா, நீக்குவதா: ஒரு பெண்ணின் படங்களை எந்த அமைப்பு எதுவரை காக்கும்

முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பெண்ணின் படத்தை எடுப்பது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் நடக்கிறது. முதல் வழியில் பக்கம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், இணைப்பை வேறொரு தளத்தில் ஒட்டி முழு அளவில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் பக்கம் பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் அவர் ஏற்கெனவே ஃபாலோயர் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதில் அந்தப் பெண் எதையுமே போடவில்லை. அவளுடைய மாமாவோ கல்லூரித் தோழியோ தங்கள் திறந்த பக்கத்தில் அவள் படத்தைப் போட்டிருக்கிறார்கள். எந்த அமைப்பை மாற்றுவது என்று யோசிக்கும்போது, அது இந்த மூன்றில் எதை அடைக்கிறது என்று பார்த்தால் முடிவு தானாக வரும்.

முதல் வழியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்றும், 2022 ஜனவரியில் ‘புல்லி பாய்’ என்றும் இரண்டு செயலிகள் கிட்ஹப் தளத்தில் வந்தன. முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலத்துக்கு வைத்ததுபோல அடுக்கியிருந்தார்கள். சமூக ஊடகங்களில் பொதுவில் கிடந்த படங்களே அதற்குப் போதுமானதாக இருந்தன. யாருடைய கணக்கையும் உடைத்து நுழைய வேண்டியிருக்கவில்லை.

சித்தி மகள் ஒருத்தி கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே பிளவுஸ்களுக்கு ஆரி ஒர்க் செய்து கொடுக்கிறாள். வயது 23. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய இன்ஸ்டாகிராம் கணக்குதான் இன்று அவளுடைய தொழில் பக்கமும். மேலே கல்யாணப் பிளவுஸ், கொஞ்சம் கீழே போனால் கல்லூரி ஆண்டு விழாப் படம், இன்னும் கீழே தங்கையோடு கொடைக்கானல். ஃபாலோ செய்பவர்களில் பாதிப்பேர் வாடிக்கையாளர்கள், மீதிப்பேர் தோழிகளும் சொந்தக்காரர்களும், அப்புறம் யாரென்றே தெரியாத ஒரு கூட்டம். “எல்லாத்தையும் டெலிட் பண்ணு” என்றாள் சித்தி. “அக்கா, ஆர்டர் எல்லாம் இதுலதானே வருது” என்று என்னிடம் வந்து நின்றாள் இவள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளுக்கு முன்னால் இருந்த வழிகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் பலர் தேடுவது டவுன்லோடு தடையைத்தான். பக்கம் திறந்தே இருக்கட்டும், யாரும் இறக்க முடியாதபடி மட்டும் செய்துவிடலாம் என்ற எண்ணம். இன்ஸ்டாகிராமில் அமைப்புகளுக்குள் போய் ‘Sharing and reuse’ என்ற பகுதியைத் திறந்தால், உங்கள் ரீல்களை மற்றவர்கள் இறக்கிக்கொள்ள அனுமதிக்கும் பொத்தான் இருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவரின் திறந்த கணக்கில் நீங்கள் தொடாதவரை அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும். அணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் ரீமிக்ஸ் செய்யும் அனுமதியும் இருக்கும், அதையும் அணையுங்கள். பிறகு ஒரு பழைய ரீலைத் தோழியின் போனில் திறந்து, இறக்கும் பொத்தான் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை நம்பிப் பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்தப் பொத்தான் ரீல்களுக்கு மட்டும்தான். சாதாரணப் படங்களுக்கு இன்ஸ்டாகிராம் இறக்கும் பொத்தானே வைக்கவில்லை, ஆனாலும் அவைதான் அதிகம் திருடு போகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுக்க இரண்டு விநாடி போதும். பதிவையோ ஸ்டோரியையோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்கு அறிவிப்பு எதுவும் வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த அதிகாரப்பூர்வப் பொத்தான் வழியாக இறக்கிய ரீலில் உங்கள் கணக்கின் பெயர் முத்திரையாக ஒட்டிக்கொண்டு வரும். தவறாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு அது இடைஞ்சல், அதனால் அவர் திரையைப் பதிவு செய்துகொள்வார், அல்லது இணைப்பை ஒட்டி இறக்கும் தளத்துக்குப் போவார். ஆக, நீங்கள் அடைத்தது அவர் வராத பாதையை. ஒரு நிமிட வேலை என்பதால் செய்துவிடலாம், இத்தோடு பாதுகாப்பு முடிந்தது என்று மட்டும் இருந்துவிடக்கூடாது.

அடுத்தது கணக்கையே பூட்டுவது. ‘Account privacy’ என்ற இடத்தில் ‘Private account’ என்பதை இயக்கினால் பதிவு, ரீல், ஸ்டோரி எதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். இணைப்பை ஒட்டி இறக்கும் தளங்களும் பொதுவாக இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் அவை திறந்த பக்கங்களைத்தான் படிக்கும். உங்கள் பதிவை ஒரு தோழி வேறொருவருக்கு அனுப்பினாலும் அவர் உங்களை ஃபாலோ செய்யாதவர் என்றால் திறக்காது. முதல் வழி இதோடு ஏறக்குறைய அடைபடுகிறது. தொழில் எதுவும் நடத்தாத ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சிறியது முகப்புப் படம். கணக்கு பூட்டியிருந்தாலும் முகப்புப் படமும் பெயரும் சுயவிவர வரிகளும் உலகத்துக்கே தெரியும். மார்பிங் செய்ய நினைப்பவருக்கு நூறு படம் தேவையில்லை, நேராகப் பார்த்த தெளிவான முகம் ஒன்று போதும். பெரும்பாலான பெண்கள் வைக்கும் முகப்புப் படம் அப்படித்தான் இருக்கிறது. பக்கவாட்டிலோ தூரத்திலோ எடுத்த படத்தையோ, முகம் இல்லாத ஒன்றையோ அங்கே வைக்கலாம். தோழிகள் பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சுயவிவரத்தில் கல்லூரி, துறை, ஊர் மூன்றையும் சேர்த்து எழுதியிருந்தால் அதையும் குறைத்துவிடுங்கள். முகமும் இந்த மூன்றும் கிடைத்தால் போலிக் கணக்கு தொடங்குபவருக்கு மேற்கொண்டு எதுவும் தேடவேண்டாம்.

பெரிய ஓட்டை ஃபாலோயர் பட்டியல். பூட்டும் முன் உள்ளே வந்தவர்கள் பூட்டிய பிறகும் உள்ளேயேதான் இருப்பார்கள். ஐந்து வருடமாகத் திறந்து கிடந்த கணக்கை இன்று பூட்டினால், அதுவரை சேர்ந்த முகம் தெரியாதவர்கள் எல்லாரும் இப்போது அனுமதி பெற்றவர்கள். ஆகவே கணக்கைப் பூட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, பட்டியலைத் திறந்துவைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து ‘Remove’ அழுத்துவது. அலுப்பான வேலை, இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு போகாது. சொந்தக்காரர்களை நீக்கக் கூச்சப்படுபவர்களுக்கு இது உதவும். கணக்கு பூட்டியிருப்பதால் அவர் திரும்ப வரவேண்டும் என்றால் மறுபடி கோரிக்கை அனுப்பித்தான் ஆகவேண்டும்.

யாரை நீக்குவது? பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வராதவரை நீக்கிவிடலாம். சந்தேகமாக இருந்தால் அவருடைய பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘About this account’ பாருங்கள். கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று அங்கே தெரியும். போன மாதம் தொடங்கிய கணக்கு, சொந்தப் பதிவு எதுவும் இல்லை, நடிகையின் படமோ பூவோ முகப்பில் இருக்கிறது, ஃபாலோ செய்வதெல்லாம் ஒரே கல்லூரிப் பெண்களை என்றால் அதை வைத்துக்கொள்ளக் காரணமே இல்லை. “நம்ம கிளாஸ் பிரியா மாதிரி இருக்கு” என்று தோன்றினால் ஏற்றுக்கொள்வதற்கு முன் அந்தப் பிரியாவுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தோழியின் பெயரிலும் படத்திலும் இரண்டாவது கணக்கு தொடங்கி, அதன் வழியாக அவள் தோழிகளின் பூட்டிய பக்கங்களுக்குள் நுழைவது பழைய தந்திரம். பொதுவான ஃபாலோயர் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதும் சான்று ஆகாது. அந்த நாற்பது பேரும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டவர்களாக இருக்கலாம்.

ஆரி ஒர்க் செய்பவளுக்கு இந்த வழி பொருந்தவில்லை. பிசினஸ் கணக்கைப் பூட்ட முடியாது, சாதாரணக் கணக்காக மாற்றிய பிறகுதான் பூட்டலாம். பூட்டினாலும், புதிதாக வரும் வாடிக்கையாளர் ஒரு பிளவுஸ் மாதிரியைப் பார்க்கக்கூடக் கோரிக்கை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அவளுக்குச் சரியாக வந்தது பிரிப்பது. இதில் எதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய கணக்கைத் தனக்கு வைத்துக்கொண்டு தொழிலுக்குப் புதிதாகத் தொடங்கத்தான் மனம் சொல்லும், ஏனென்றால் நினைவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் முகம் தெரியாத ஃபாலோயர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைத் தொழிலுக்கு விட்டுவிட்டு, தனக்கென்று புதுக் கணக்கு தொடங்குவதே நல்லது. முதல் நாளிலிருந்தே பூட்டிய, காலியான ஒரு பட்டியலில் தெரிந்தவர்களை மட்டும் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்களும் கைவிட்டுப் போகமாட்டார்கள்.

பழைய கணக்கில் இருக்கும் சொந்தப் படங்களை அழிக்க வேண்டாம், ‘Archive’ செய்தால் போதும். ‘Your activity’ பகுதிக்குள் பதிவுகளின் பட்டியல் இருக்கும். அங்கே பலவற்றை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் காப்பகத்துக்கு அனுப்பலாம். படமும் லைக்கும் கமெண்டும் அவளுக்கு மட்டும் தெரியும்படி அப்படியே இருக்கும். நாங்கள் செய்தபோது கொடைக்கானலும் ஆண்டு விழாவும் முதலில் போயின. அப்புறம் ஸ்டோரி ஹைலைட்டுகளைத் திறந்து பார்த்தால் ‘ஃபேமிலி’ என்று ஒன்று அங்கே இருந்தது. ஹைலைட்டுகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 24 மணி நேரத்தில் மறைந்திருக்க வேண்டிய ஸ்டோரிகள் அங்கே வருடக்கணக்கில் எல்லாருக்கும் தெரியும்படி நிற்கும். மற்றவர்கள் அவளை டேக் செய்த படங்களின் தாவலும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் பார்த்து டேக்கை நீக்க வேண்டும்.

தொழில் பக்கம் திறந்தே இருக்கப்போவதால், அங்கே என்ன படம் போகும் என்பதே பாதுகாப்பு. பிளவுஸை மேனிக்வின் மேல் போட்டு எடுக்கலாம், வேலை செய்யும் ரீலில் ஆரிச் சட்டமும் கையும் ஊசியும் மட்டும் தெரிந்தால் போதும். மணப்பெண்கள் அனுப்பும் படங்களுக்கும் இது பொருந்தும். முகத்தோடு போட வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துவரை வெட்டிப் போடலாம். இன்னொரு பொத்தானும் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து பிசினஸ், கிரியேட்டர் கணக்குகளின் திறந்த படங்கள் கூகுள் போன்ற தேடல்களில் வரலாம் என்று ஆகிவிட்டது. தொழிலுக்கு அது நல்லதுதான், சொந்தப் படங்களைக் காப்பகத்துக்கு அனுப்பிய பிறகு விட்டுவைக்கலாம். அனுப்பும்வரை ‘Account privacy’ பகுதியிலேயே அதை அணைத்து வையுங்கள்.

புதுக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. தொடங்கும்போது போனில் உள்ள தொடர்புகளை ஏற்றட்டுமா என்று செயலி கேட்கும். சரி என்று சொன்னால், வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் உள்ள அந்த போனிலிருந்து அவர்களுக்கும் இந்தக் கணக்கு பரிந்துரையாகப் போக வாய்ப்பிருக்கிறது. அனுமதி கொடுக்காதீர்கள். தொழில் கணக்கில் உள்ள அதே எண்ணையும் மின்னஞ்சலையும் இங்கே கொடுக்காமல் வேறொன்றைக் கொடுப்பதும் நல்லது.

ஃபேஸ்புக்கில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இந்தியப் பெண்கள் படம் போடவே பயந்த காரணத்தால் 2017 ஜூனில் இங்கேதான் முகப்புப் படக் காவல் முதலில் வந்தது. நீலச் சட்டமும் கேடயமும் தெரியும், பிறரால் அந்தப் படத்தை இறக்கவோ பகிரவோ முடியாது. அது ஒரு படத்தை மட்டும்தான் காத்தது. 2020 மே மாதம் வந்த ‘Lock profile’ மொத்தப் பக்கத்தையும் காக்கிறது. பழைய திறந்த பதிவுகள் எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே அழுத்தத்தில் மாறிவிடும், முகப்புப் படத்தை நண்பர் அல்லாதவர் பெரிதாக்கவோ இறக்கவோ முடியாது, டேக் செய்பவை உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கும். இரண்டில் எது என்று கேட்டால் பூட்டுதான். உங்கள் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டால் அந்த வரி இருக்கும். அதோடு நண்பர் பட்டியல் உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிடுங்கள். போலிக் கணக்கு தொடங்குபவர் அடுத்து செய்வது அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் கோரிக்கை அனுப்புவதுதான்.

மூன்றாவது வழி நினைவிருக்கட்டும். டேக் அனுமதி என்பது உங்கள் பக்கத்தில் அந்தப் படம் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். மாமா தன் திறந்த பக்கத்தில் வளைகாப்பு ஆல்பத்தை எண்பது படங்களோடு போட்டிருந்தால் அது அங்கேயே இருக்கும். இதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. “மாமா, அந்த ஆல்பத்தை ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாத்திடுறீங்களா, நானே வந்து மாத்தித் தரேன்” என்று போனில் கேட்பதுதான் வழி. எங்கே அழுத்துவது என்று தெரியாததால்தான் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார்கள், அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அவர் போனிலேயே மாற்றிக் கொடுத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்துக்கு ‘My contacts’ வைத்தால் போதும் என்றுதான் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் எண் யாரிடம் இருக்கிறது என்பது அங்கே கணக்கில்லை, நீங்கள் யார் எண்ணைச் சேமித்திருக்கிறீர்கள் என்பதே கணக்கு. உங்கள் போனில் ‘கேஸ் அண்ணன்’, ‘கூரியர்’, ‘ஏசி மெக்கானிக்’, ‘ஆட்டோ பஸ்ஸ்டாண்டு’ என்று சேமித்திருக்கும் எல்லாரும் உங்கள் படத்தைப் பார்க்கலாம், அவர்களும் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால் ஸ்டேட்டஸையும் பார்க்கலாம். அந்த ஆட்கள் மேல் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லவில்லை, அந்தப் போன் எத்தனை கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. முகப்புப் படத்துக்கு ‘My contacts except...’ என்று ஒதுக்கலாம். ஸ்டேட்டஸுக்கு ‘Only share with...’ இன்னும் சுலபம், இருபது முப்பது பேரை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த ஸ்டேட்டஸுக்கும் அதே பட்டியல் நிற்கும். ஆண்ட்ராய்டில் முகப்புப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் விடுவதில்லை, ஸ்டேட்டஸுக்கு அந்தத் தடை இல்லை. ஆர்டர் எடுக்கும் எண்ணில் அவள் இப்போது வைத்திருப்பது மயில் வேலைப்பாடு செய்த ஒரு பிளவுஸ் கையின் படம்.

இனி சித்தி சொன்னது: எல்லாவற்றையும் நீக்குவது. பயம் பெரிதாக இருக்கும் வீட்டில் இதுதான் முதலில் வாயில் வரும். ஆனால் நீக்கினால் மூன்றாவது வழி அப்படியேதான் இருக்கும். ஏற்கெனவே எடுத்துவிட்ட படமும் திரும்பி வராது. அவளுடைய உண்மையான கணக்கு இல்லாத இடத்தில் போலி ஒன்று தோன்றினால், அதைப் பார்த்துச் சொல்லவும் உள்ளே அவள் இருக்கமாட்டாள். கணக்கு இல்லாதவரும் போலிக் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமில் புகார் செய்யலாம், ஆனால் அடையாள அட்டைப் படத்தோடு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். ஒருவர் விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் நாட்களில் கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவைப்பது சரியான முடிவு. மற்றபடி ஆர்டர்களை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இதில் கூடுதல் காப்பு இல்லை என்று சித்தியிடமே எடுத்துச் சொன்னேன்.

இவ்வளவும் செய்த பிறகும், பட்டியலுக்குள் இருக்கும் தெரிந்தவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் எந்த அமைப்பும் தடுக்காது. அப்படி ஏதாவது வந்தால் முதலில் பக்கத்தின் முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தளத்திலேயே புகார், அப்புறம் cybercrime.gov.in தளத்தில் பெண்களுக்கான பகுதியில் புகார். ஆடையில்லாதபடி மார்பிங் செய்த படம் என்றால், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளம் அதை எடுக்க நடவடிக்கை வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. அப்படிப்பட்ட படம் பரவும் என்ற மிரட்டல் இருந்தால் stopncii.org தளமும் உதவும். படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குப் போய், அதே படம் அங்கே ஏறாமல் தடுக்க உதவும். 18 வயது நிரம்பியவர்களுக்கு இது, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘Take It Down’ என்ற சேவை தனியாக இருக்கிறது.

மாற்றியதெல்லாம் வேலை செய்கிறதா என்று உங்கள் போனிலேயே பார்த்தால் தெரியாது, உங்களுக்கு எல்லாமே தெரியும். உங்களை ஃபாலோ செய்யாத ஒருவரின் போனை வாங்கி உங்கள் பெயரைத் தேடுங்கள். பூட்டிய கணக்கில் முகப்புப் படமும் பெயரும் சுயவிவர வரிகளும் எண்ணிக்கைகளும் மட்டும் வர வேண்டும். தொழில் பக்கத்தில் கடைசிவரை கீழே இழுத்துக்கொண்டே போங்கள், ஹைலைட்டுகளையும் டேக் தாவலையும் திறங்கள். பிறகு கூகுள் படத் தேடலில் உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எடுத்துவிட்ட படம் அங்கே கொஞ்ச நாள் தங்கியிருக்கும், அது தானாகப் போகும். போகாமல் நிற்கும் படத்தைத் தொட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் வேறொருவரின் பக்கமாக இருக்கும், அவரிடம்தான் பேச வேண்டும்.